சாவி கைக்கு வராத வீடு: பில்டருக்கு நோட்டீஸ் எப்போது, எப்படி?

மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடியில் வீடு வாங்கிய தம்பதி என்று வைத்துக்கொள்வோம். வீடு 1,100 சதுர அடி, மொத்த விலை 62 லட்சம் ரூபாய். 2022 பிப்ரவரி 10 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. '30 மாதங்களில் வீடு ஒப்படைக்கப்படும், அதற்கு மேல் 6 மாதம் சலுகைக் காலம் உண்டு' என்று அதில் ஒரு வரி. 30 மாதம் 2024 ஆகஸ்ட் 10-ல் முடிந்தது. சலுகைக் காலமும் 2025 பிப்ரவரி 10-ல் முடிந்தது. அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஓடிவிட்டது. கட்டடம் எழும்பி நிற்கிறது. ஆனால் லிப்ட் பொருத்தவில்லை, கழிவுநீர் இணைப்பு வரவில்லை, மூன்றாவது மாடியில் டைல்ஸ் பெட்டிகள் பிரிக்காமல் கிடக்கின்றன. தம்பதி இதுவரை கட்டியது 56 லட்சம். வங்கிக்குத் தவணையும் வீட்டுக்காரருக்கு வாடகையும் ஒரே சம்பளத்திலிருந்து போகின்றன.

இப்படி ஒருவர் வழக்கறிஞரிடம் போனால், "ஒரு நோட்டீஸ் விடுவோம் சார், பில்டர் தானா இறங்கி வருவார்" என்ற பதில் பல நேரம் கிடைக்கும். அடுத்த வாரமே ஒரு பக்கத்தில் நோட்டீஸ் போகும். 'தாங்கள் வேண்டுமென்றே ஏமாற்றியுள்ளீர்கள். 15 நாட்களுக்குள் வீட்டை ஒப்படைக்கவும். தவறினால் கடும் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்' என்று கடுமையாக இருக்கும். பில்டரின் வழக்கறிஞர் அதைப் பார்த்துப் பதறுவதில்லை. அதில் பதில் சொல்லியே தீர வேண்டிய விஷயம் ஒன்றும் இல்லை. எந்தத் தேதி தவறியது, எவ்வளவு பணம் கட்டப்பட்டது, வீடு வேண்டுமா பணம் வேண்டுமா, எவ்வளவு வட்டி என்று எதுவுமே சொல்லப்படவில்லை.

நோட்டீஸ் பில்டரைப் பயமுறுத்துவதற்கான கடிதம் அல்ல. அதை உண்மையில் படிக்கப்போகிறவர் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, ரெரா என்று நாம் சொல்லும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் கோப்பைப் பிரிக்கும் உறுப்பினர். இரு தரப்பையும் அவருக்குத் தெரியாது. தகராறு முற்றுவதற்கு முன்னால் வாங்கியவர் என்ன கேட்டார், பில்டர் என்ன பதில் சொன்னார் என்பதை அந்த இரண்டு மூன்று பக்கத்திலிருந்துதான் அவர் புரிந்துகொள்வார். அவருக்காக எழுதினால் நோட்டீஸ் சரியாக அமையும்.

ரெராவிலோ நுகர்வோர் ஆணையத்திலோ புகார் கொடுக்குமுன் நோட்டீஸ் அனுப்பியே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அனுப்புவது நல்லது. காரணம், 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18-வது பிரிவு. ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் வீட்டைக் கொடுக்கத் தவறினால், வாங்கியவர் கேட்கும்போது பணத்தை வட்டியோடு திருப்பித் தரும் பொறுப்பு பில்டருக்கு உண்டு என்கிறது அது. திட்டத்திலிருந்து விலக விரும்பாதவருக்கு, வீடு கைக்கு வரும்வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி தரவேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே பணம் வேண்டுமென்றால் அதைக் கேட்டதற்கு ஒரு தேதியும் எழுத்துச் சான்றும் இருப்பது பலம். போனில் பத்து முறை கேட்டதைக் காட்ட முடியாது.

வீடா, பணமா?

நோட்டீஸ் எழுத உட்காருமுன் தம்பதி தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டிய ஒரே கேள்வி இது. பெரும்பாலானவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 'வீட்டைக் கொடுங்கள், இல்லாவிட்டால் பணத்தைக் கொடுங்கள்' என்று இரண்டையும் கலந்து எழுதிவிடுகிறார்கள். பில்டர் தனக்கு வசதியானதைப் பிடித்துக்கொள்வார். "இன்னும் மூன்றே மாதம், வீடே தருகிறோம்" என்று ஒரு பதில் வரும். அந்த மூன்று மாதமும் ஓடிப்போகும்.

பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை வலுவானது. 2021 நவம்பரில் நியூடெக் புரோமோட்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சொன்ன தேதியில் வீடு கிடைக்காவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்பது வாங்கியவரின் நிபந்தனையற்ற உரிமை என்று தீர்ப்பளித்தது. எதிர்பாராத நிகழ்வுகளோ நீதிமன்றத் தடையோ காரணமாக இருந்தாலும் அந்த உரிமை குறையாது என்றது. அப்படியானால் அவசரப்படாமல் கேட்கலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு சிக்கல். அதே 2021 ஜனவரியில் இரியோ கிரேஸ் ரியல்டெக் என்ற நிறுவனத்தின் மீதான நுகர்வோர் வழக்கில், வீடு வாங்கியவர்களை உச்ச நீதிமன்றம் இரண்டாகப் பிரித்தது. எந்தப் பகுதிக்குக் குடியேறும் சான்றிதழ் கிடைத்து, ஒப்படைக்கத் தயார் என்று பில்டர் எழுதியும் விட்டாரோ, அந்தப் பகுதிக்காரர்கள் தாமதத்துக்கான இழப்பீட்டோடு வீட்டைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. சான்றிதழ் கிடைக்காத பகுதிக்காரர்களுக்குப் பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது.

நோட்டீஸ் எப்போது அனுப்புவது என்பதற்கான பதில் இதில் இருக்கிறது. பணம்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர், கட்டடத்துக்குக் கட்டுமான நிறைவுச் சான்று வருவதற்கு முன்பே, 'சாவி வாங்க வாருங்கள்' என்ற கடிதம் வருவதற்கு முன்பே நோட்டீஸ் அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு கேட்டால் பில்டரின் கையில் ஒரு நல்ல வாதத்தை நாமே கொடுத்ததாகிவிடும். மேடவாக்கம் தம்பதிக்கு லிப்ட் மட்டும் பாக்கி என்ற நிலை வந்துவிட்டால் நாட்கள் அதிகம் இல்லை.

வீடே வேண்டும் என்பவருக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. வட்டி தாமதம் தொடங்கிய நாளிலிருந்து கணக்காகும். நோட்டீஸ் தேதியிலிருந்து அல்ல. சலுகைக் காலம் முடிந்ததும் ஒரு மாதம் பார்த்துவிட்டு அனுப்பலாம். ஆனால் அவருக்கும் ஒரு கடைசி எல்லை உண்டு. சாவி கொடுக்கும் நாளில் பில்டர் அலுவலகம் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டும். அதில் 'தாமதம் தொடர்பாக எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வாசகம் இருக்கும். அந்தக் கட்டு வருவதற்குள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். வீட்டை எடுத்துக்கொண்டதாலேயே தாமத இழப்பீட்டு உரிமை போய்விடாது என்று 2020 ஆகஸ்டில் டி.எல்.எப். சதர்ன் ஹோம்ஸ் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும், கையெழுத்துப் போட்டுவிட்டு அதிலிருந்து மீள்வதற்காக வாதாடுவதைவிட முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

எந்தத் தேதி?

நோட்டீஸில் முதலில் வர வேண்டியது ஒப்படைப்புத் தேதி. இதில் பில்டர் தரப்பு அடிக்கடி ஒரு வாதத்தைக் கொண்டுவரும். ரெராவில் திட்டத்தைப் பதிவு செய்தபோது முடிக்கும் தேதி என்று வேறொன்றைக் கொடுத்திருப்பார்கள், பிறகு அதற்கு நீட்டிப்பும் வாங்கியிருப்பார்கள். rera.tn.gov.in தளத்தில் திட்டத்தின் பக்கத்தைத் திறந்தால் அந்தத் தேதி இருக்கும். '2026 டிசம்பர் வரை எங்களுக்கு அவகாசம் இருக்கிறது, நீங்கள் அவசரப்படுகிறீர்கள்' என்று பதில் வரும். அது ஆணையத்துக்கும் பில்டருக்கும் இடையிலான பதிவுக் காலம். வாங்கியவரோடு போட்ட ஒப்பந்தத்தை அது மாற்றி எழுதாது. பதிவு இன்னும் அமலில் இருக்கிறது என்பதற்காக வாங்கியவரின் உரிமை தள்ளிப்போகாது என்று 2020 நவம்பரில் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே நோட்டீஸில் ஒப்பந்தத்தின் எந்தப் பக்கம், எந்தப் பிரிவு, என்ன வாசகம் என்று அப்படியே எடுத்தெழுத வேண்டும்.

சலுகைக் காலத்தையும் கவனமாகப் படிக்கவேண்டும். சில ஒப்பந்தங்களில் அது நிபந்தனை இல்லாமல் இருக்கும். சிலவற்றில் 'பில்டரின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்கள் இருந்தால் மட்டும்' என்று இருக்கும். இரண்டாவது வகையானால், அப்படி ஒரு காரணத்தைப் பில்டர் எழுத்தில் தெரிவிக்கவே இல்லை என்று சொல்லி, 30 மாதம் முடிந்த நாளிலிருந்தே வட்டி கேட்கலாம். நம் தம்பதியின் ஒப்பந்தம் முதல் வகை. அதனால் அவர்களுக்கு 2025 பிப்ரவரி 10-ஐ எடுத்துக்கொள்வதுதான் சரி.

தேதியே போடாத ஒப்பந்தமும் உண்டு. அங்கே விளம்பரத் துண்டு, ஒதுக்கீட்டுக் கடிதம், விற்பனைப் பிரிவினர் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் துணைக்கு வரும். 2018-ல் பார்ச்சூன் இன்ப்ராஸ்ட்ரக்சர் வழக்கில், தேதி குறிப்பிடப்படாத நிலையில் 3 ஆண்டுகள் நியாயமான காலம் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

5,500 ரூபாயா, 51,333 ரூபாயா?

தம்பதியின் ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. தாமதமானால் பில்டர் மாதம் சதுர அடிக்கு 5 ரூபாய் இழப்பீடு தருவார். 1,100 சதுர அடிக்கு மாதம் 5,500 ரூபாய். இரண்டு பக்கம் தள்ளி, தவணை கட்டத் தாமதித்தால் வாங்கியவர் 18 சதவீத வட்டி கட்டவேண்டும் என்று இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு நம் ஊர் ஒப்பந்தங்களில் சர்வசாதாரணம். கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இதற்கு மேல் கேட்க முடியாது என்று நினைத்து 5,500 ரூபாயை மட்டும் கேட்டு நோட்டீஸ் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய இழப்பு.

2019-ல் பயனீர் அர்பன் வழக்கில், இப்படி ஒருதலைப்பட்சமாக எழுதப்பட்ட நிபந்தனைகள் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஒப்பந்தத்திலும் வாங்கியவருக்கு 18 சதவீதம், பில்டருக்கு 9 சதவீதம் என்றுதான் இருந்தது. ரியல் எஸ்டேட் சட்டமோ இன்னும் நேராகவே, இரு தரப்புக்கும் வட்டி விகிதம் ஒன்றே என்கிறது. தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு விதிகளின்படி அது ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச அடிப்படைக் கடன் விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வருவது. எம்.சி.எல்.ஆர். என்று வங்கிக்காரர்கள் சொல்வது இதைத்தான். அது அவ்வப்போது மாறும். நோட்டீஸ் தேதியன்று ஸ்டேட் வங்கித் தளத்தில் பார்த்து எழுத வேண்டும். இங்கே கணக்கு எளிதாக இருக்க, மொத்தம் 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

தம்பதி 2025 பிப்ரவரி 10-க்குள் கட்டியிருந்தது 50 லட்சம். அதற்கு ஒரு வருட வட்டி 5,50,000 ரூபாய். பிறகு 2025 ஆகஸ்ட் 10 அன்று இன்னொரு 6 லட்சம் கட்டினார்கள். அதற்கு 6 மாத வட்டி 33,000 ரூபாய். ஆக 2026 பிப்ரவரி 10 வரை வட்டி 5,83,000 ரூபாய். அதன் பிறகு 56 லட்சத்துக்கு மாதம் 51,333 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். ஒப்பந்தத்தின் 5 ரூபாய்க் கணக்கில் இதே ஒரு வருடத்துக்குக் கிடைப்பது 66,000 ரூபாய்.

இந்தக் கணக்கு வீட்டை எடுத்துக்கொள்பவருக்கு. பணத்தைத் திரும்பக் கேட்பவருக்கு வேறு மாதிரி. ஒவ்வொரு தொகைக்கும் அது கட்டப்பட்ட நாளிலிருந்தே வட்டி கேட்கப்படும். எப்படியானாலும் நோட்டீஸோடு ஒரு அட்டவணை போகவேண்டும். பணம் கட்டிய தேதி, தொகை, ரசீது எண், அது கையிலிருந்து போனதா வங்கிக் கடனிலிருந்து போனதா என்று வரிசையாக எழுதவேண்டும். பில்டரின் பதில் நோட்டீஸில் 'தங்கள் கட்சிக்காரரே தவணைகளை ஒழுங்காகக் கட்டவில்லை' என்ற வரி கிட்டத்தட்ட நிச்சயம் வரும். ஏதாவது ஒரு தவணை உண்மையிலேயே 40 நாள் தாமதமாகப் போயிருந்தால் அதை மறைக்கவேண்டாம். வங்கி தொகையை விடுவிக்கத் தாமதித்தது, அதற்கான வட்டியும் கட்டிவிட்டோம் என்று நாமே எழுதிவிட்டால் அந்த ஆயுதம் மழுங்கிவிடும்.

வாடகை, மன உளைச்சல், வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனித் தலைப்பில் எழுதவேண்டும். நியூடெக் தீர்ப்பின்படி பணத்தைத் திருப்பித் தருவதையும் வட்டியையும் ஆணையமே முடிவு செய்யும். நஷ்டஈட்டை அதற்கென இருக்கும் தீர்ப்பு அலுவலர் முடிவு செய்வார். எல்லாவற்றையும் சேர்த்து '25 லட்சம் தரவேண்டும்' என்று மொத்தமாக எழுதினால் பிறகு பிரித்துக் காட்டுவது சிரமம்.

நோட்டீஸின் நடுப்பகுதி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

'மேற்படி ஒப்பந்தத்தின் 9-வது பிரிவின்படி தாங்கள் வீட்டை ஒப்படைத்திருக்க வேண்டிய தேதி, சலுகைக் காலம் உட்பட, 10.02.2025. இந்த நோட்டீஸ் தேதி வரை கட்டுமான நிறைவுச் சான்று பெறப்படவில்லை, வீடும் ஒப்படைக்கப்படவில்லை. என் கட்சிக்காரர்கள் இதுவரை ரூ.56,00,000 செலுத்தியுள்ளனர், விவரம் அட்டவணை 1-ல் உள்ளது. என் கட்சிக்காரர்கள் திட்டத்திலிருந்து விலக விரும்பவில்லை. ஆகவே 2016-ம் ஆண்டு சட்டத்தின் 18-வது பிரிவின்படி 10.02.2026 வரை சேர்ந்துள்ள வட்டி ரூ.5,83,000-ஐ இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் செலுத்தவும், அதன் பின் ஒப்படைக்கும் நாள் வரை மாதந்தோறும் வட்டி செலுத்தவும், நிறைவுச் சான்றுடன் வீட்டை ஒப்படைக்கும் தேதியை எழுத்தில் தெரிவிக்கவும் கோரப்படுகிறது. சட்டத்தில் என் கட்சிக்காரர்களுக்குள்ள மற்ற உரிமைகளுக்கு இது பாதகமானது அல்ல.'

இதில் திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. 'மோசடி', 'கிரிமினல் வழக்கு' போன்ற சொற்களைக் கோபத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. ஆதாரம் இல்லாமல் அப்படி எழுதினால் பதில் நோட்டீஸ் முழுக்க அவதூறு பற்றியே இருக்கும், தாமதம் பின்னால் போய்விடும். 15 நாள் என்பது சட்டம் வகுத்த கணக்கு இல்லை. வழக்கத்தில் இருக்கும் நியாயமான அவகாசம். பணத்தைத் திரும்பக் கேட்பவர் 30 நாள் கொடுத்தாலும் தவறில்லை.

யாருக்கு, எந்த முகவரிக்கு?

நம் ஊரில் நீண்ட காலம் வீடு விற்பனை இரண்டு பத்திரங்களாக நடந்துவந்தது. நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யு.டி.எஸ்., ஒரு கிரயப் பத்திரத்தில் வரும். கட்டுவதற்கு இன்னோர் ஒப்பந்தம் இருக்கும். தம்பதிக்கும் அப்படித்தான். நிலத்தின் சொந்தக்காரர் வேறு ஒருவர். அவர் பில்டருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்கிறார். கட்டும் வீடுகளில் பாதி அவருடையது. இதுபோன்ற கூட்டு முயற்சியில் கட்டுபவரும் விற்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் இருவருமே சட்டத்தின் பார்வையில் பொறுப்பாளிகள். பில்டருக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பிவிட்டு நில உரிமையாளரை மறந்துவிட்டால், பிறகு புகாரில் அவரைச் சேர்க்கும்போது 'என்னிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை' என்பார். இருவர் பெயரிலும் அனுப்பவேண்டும். அனுப்புவதும் அதேபோல, ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவர் சார்பிலும் இருக்கவேண்டும்.

பணத்தைத் திரும்பக் கேட்பவருக்கு யு.டி.எஸ். பத்திரம் ஒரு கூடுதல் முடிச்சு. நிலப் பங்கு ஏற்கெனவே அவர் பெயரில் பதிவாகியிருக்கும். பணம் முழுதும் வந்தவுடன் அதை ரத்து செய்து கொடுக்கத் தயார் என்றும், அந்தச் செலவைப் பில்டரே ஏற்கவேண்டும் என்றும் நோட்டீஸிலேயே எழுதிவிடவேண்டும். பத்திரத்தை முதலில் ரத்து செய்து கொடுங்கள், பணம் பிறகு தருகிறோம் என்று பில்டர் கேட்டால் ஒப்புக்கொள்ளவே கூடாது. நிலப் பங்கு கையில் இருப்பதுதான் அப்போது அவருக்கு இருக்கும் ஒரே பிடி. வீட்டுக் கடன் இருந்தால் வங்கிக்கும் ஒரு நகல் போகட்டும். திரும்பி வரும் பணம் முதலில் வங்கிக் கடனுக்குத்தான் போகும். பில்டரோடு தகராறு என்பதற்காக மாதத் தவணையை நிறுத்தினால் கடன் வரலாறு கெடுவதுதான் மிச்சம்.

முகவரி விஷயத்தில் அலட்சியம் கூடாது. விற்பனை அலுவலகம் காலி செய்யப்பட்டுப் பூட்டிக் கிடக்கலாம். கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பதிவு அலுவலக முகவரி கிடைக்கும். அதையும், ஒப்பந்தத்தில் உள்ள முகவரியையும், ரெரா பக்கத்தில் உள்ளதையும் ஒப்பிட்டு, மூன்றும் வேறாக இருந்தால் மூன்றுக்கும் அனுப்புவதே பாதுகாப்பு. பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்ட்டில், ஒப்படைத்ததற்கான ஒப்புகையோடு அனுப்பவேண்டும். கூடவே ஒப்பந்தத்தில் உள்ள மின்னஞ்சலுக்கும் போகட்டும். 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தால் பிரித்துவிடக் கூடாது. சரியான முகவரிக்குப் போன தபாலை மறுத்தால், அது சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. ஒட்டியபடி இருக்கும் அந்த உறையே சான்று.

வழக்கறிஞர்தான் அனுப்பவேண்டும் என்று சட்டம் இல்லை. வாங்கியவரே தமிழில் எழுதி அனுப்பலாம். ஆனால் பெரிய தொகை, யு.டி.எஸ்., கூட்டு முயற்சி என்று சிக்கல் இருக்கும் இடத்தில் இந்தத் துறையில் பழகிய வழக்கறிஞர் ஒருவர் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துவிட்டு எழுதுவதே நல்லது. முழுக்கப் படித்துவிட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்காமலேயே நோட்டீஸ் தயாரிக்கும் அலுவலகத்திடம் இந்த வேலையைக் கொடுக்கவேண்டாம்.

அனுப்பிய பிறகு

பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, காரணங்கள் அடுக்கிய பதில் வரும்: மணல் தட்டுப்பாடு, ஆள் பற்றாக்குறை, அனுமதி தாமதம். கட்டுப்பாட்டை மீறிய நிகழ்வு என்று ரியல் எஸ்டேட் சட்டம், பதிவை நீட்டிப்பதற்காக, ஏற்றுக்கொள்வது போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்ற இயற்கைப் பேரிடர்களைத்தான். மணலும் ஆளும் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்று, போன் வரும். "எதுக்கு சார் வக்கீல் எல்லாம், நேர்ல வாங்க, பேசிக்கலாம்." போகலாம், தவறில்லை. பேசியதை அன்று மாலையே மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதி அனுப்பிவிடவேண்டும். புதிய தேதியோடு ஒரு துணை ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால், பழைய தாமதத்துக்கான வட்டியை விட்டுக்கொடுப்பதாக அதில் எங்காவது இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டாமல் போடக்கூடாது. உள்வேலை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி நிறைவுச் சான்று இல்லாமலே சாவியைக் கொடுப்பதும் நடக்கிறது. மரவேலை தொடங்கிவிட்டால், ஒப்படைப்பு முடிந்துவிட்டது என்று பில்டர் கணக்கை அன்றோடு நிறுத்தப் பார்ப்பார். சாவியை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், 'நிறைவுச் சான்று இன்னும் கிடைக்கவில்லை, தாமத வட்டி தொடர்கிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கவேண்டும்.

பதிலே வரவில்லை என்றால் அவகாசம் முடிந்த மறுவாரமே அடுத்த படி. தமிழ்நாட்டில் பணம், வட்டிக்கான புகார் ஆணையத்திடம் 'எம்' படிவத்தில் போகும். நஷ்டஈட்டுக்கான மனு தீர்ப்பு அலுவலரிடம் 'என்' படிவத்தில் போகும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் திறந்தே இருக்கிறது என்பது இம்பீரியா தீர்ப்பு. நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ வீடுகள் எட்டுக்கு மேல் இல்லாவிட்டாலோ அந்தத் திட்டம் ரெரா பதிவுக்குள் வந்திருக்காது. தெருமுனையில் கட்டும் சிறிய அடுக்குமாடிகளில் வாங்கியவர்களுக்கு நுகர்வோர் ஆணையமே நேரான வழி. அவர்கள் நோட்டீஸில் 18-வது பிரிவோடு சேவைக் குறைபாட்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆணையத்தின் உத்தரவை எதிர்த்துப் பில்டர் மேல்முறையீடு போனால், வாங்கியவருக்குத் தரவேண்டிய முழுத் தொகையையும், வட்டி, நஷ்டஈடு உட்பட, முதலில் தீர்ப்பாயத்தில் கட்டவேண்டும். பேரம் பேச வரும் பில்டரின் வழக்கறிஞருக்கு இது நன்றாகத் தெரியும். அட்டவணையும் வட்டிக் கணக்கும் பிசகில்லாமல் இருக்கும் நோட்டீஸைப் பார்த்து அவர்கள் சமரசத்துக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால் நில வரி பாக்கியைப் போல அதை வசூலிக்க வழி இருக்கிறது. ஆனால் அது வருவாய்த் துறை வழியே நகரும் வேலை, மாதங்கள் பிடிக்கும்.

இத்தனைக்கும் முன்னால் பார்த்துவிட வேண்டிய ஒன்று உண்டு. பில்டர் கம்பெனி மீது திவால் நடவடிக்கை தொடங்கியிருக்கிறதா என்பது. தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டால் அந்தக் கம்பெனி மீதான மற்ற வழக்குகளும் வசூலும் நிறுத்திவைக்கப்படும். அப்போது நோட்டீஸ் அனுப்பிக் காத்திருப்பது வீண். வீடு வாங்கியவர்களும் நிதிக் கடன் கொடுத்தவர்களாகவே அங்கே கருதப்படுகிறார்கள். தீர்வு நிபுணரிடம், அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள், தங்கள் கோரிக்கையை அதற்கான 'சி.ஏ.' படிவத்தில் பதிவு செய்யவேண்டும். நோட்டீஸுக்காகத் தயாரித்த அதே பண அட்டவணை அங்கேயும் அப்படியே பயன்படும்.